மேனேஜரிடம் லேட் பெர்மிஷன் கேட்கும்போது

பிள்ளையின் ஸ்கூல் விழாவுக்காக லேட்டாக வர பெர்மிஷன் கேட்டால், விழா எத்தனை மணிக்கு என்பதை விட நீங்கள் ஆபீஸில் எத்தனை மணிக்கு இருப்பீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். "சார், நாளை காலை ஏற்காட்டில் மகளுக்கு விளையாட்டு விழா, 12 மணிக்கு சீட்டில் இருப்பேன், 11 மணி ரிப்போர்ட்டை இன்றே அனுப்பிவிடுகிறேன்." இவ்வளவு போதும். அந்த இடைவெளியில் வேலையை யார் பார்ப்பது என்பதுதான் மேனேஜரின் கவலை, அதற்குப் பதில் மெசேஜிலேயே இருந்தால் திருப்பிக் கேட்காமல் சரி என்றுவிடுவார். அழைப்பிதழில் 10 மணிக்கு முடியும் என்று இருந்தாலும் அதை நம்பி 11 என்று எழுதாதீர்கள், சிறப்பு விருந்தினர் வந்த பிறகுதான் தொடங்குவார்கள், அப்புறம் சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. நீங்கள் வந்தால்தான் முந்தைய ஷிப்ட் ஆள் கிளம்ப முடியும் என்ற வேலைக்கு இது சரிவராது, அங்கே அரை நாள் லீவாகவே கேட்டுவிடுங்கள்.