எத்தனையாவது டீயில் லாபம் தொடங்குகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன டீக்கடை. ஒரு டீ 12 ரூபாய். கடைக்காரர் கல்லாவில் சேரும் பணத்தைத்தான் லாபம் என்று நினைத்திருந்தார். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

வாடகை 7,500, உதவியாளின் மாதச் சம்பளம் 15,000, கரண்ட் 1,500. ஒரு டீ கூட விற்காவிட்டாலும் இந்த 24,000 போய்விடும். 30 நாளுக்கு வகுத்தால் தினம் 800. இது நிலையான செலவு. பால், தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் விற்க விற்கக் கூடும். ஒரு டீக்கு 7 ரூபாய். மிச்சம் 5 ரூபாய்தான் அந்த 800-ஐ அடைக்கிறது. 800 ÷ 5 = 160. அதுதான் பிரேக் ஈவன், லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்கிற இடம். 161-வது டீயிலிருந்துதான் லாபம்.

"தினம் 200 போகுதே, அப்புறம் என்ன?" என்றார். சரி, அதிகாலை நாலு மணிக்கு எழும் அவருடைய கூலி எங்கே? அதற்கு 400 சேர்த்தால் 1,200 ÷ 5 = 240 டீ. பால் விலை ஏறி ஒரு டீயின் செலவு 8 ரூபாயானால், மிச்சம் 4 ரூபாய். 300 டீ விற்க வேண்டும். ஒரே ஒரு ரூபாய்க்கு அறுபது டீ கூடுதல்! ஞாயிறு கடை அடைத்தாலும் வாடகை நிற்காது. அப்போது 30-க்குப் பதில் 26-ஆல் வகுங்கள்.