வோல்ட்டைக் கிலோ ஓமால் வகுங்கள்

வோல்ட்டைக் கிலோ ஓமால் வகுத்தால் மின்னோட்டம் நேராக மில்லி ஆம்பியரில் கிடைத்துவிடும்; பூஜ்யங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய 1 கிலோ ஓம் மின்தடையத்தை (பழுப்பு, கறுப்பு, சிவப்புப் பட்டைகள்) 9 வோல்ட் பேட்டரியோடு ஒரே சுற்றாக இணைத்தால் 9 ÷ 1, அதாவது 9 மில்லி ஆம்பியர் ஓடும்.

வோல்ட்டை ஓமால் வகுத்தால் வருவது ஆம்பியர். தடை ஆயிரம் மடங்கானால் ஓட்டம் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. மில்லி என்பது அதுதானே!

சுற்றில் சிவப்பு எல்.இ.டி. இருந்தால் 9 வோல்ட்டை அப்படியே வகுக்காதீர்கள். அது ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டுக்கு 7 மில்லி ஆம்பியர்தான். இழை பல்புக்கும் இது ஒத்துவராது, எரியும்போது அதன் தடை பல மடங்கு ஏறிவிடுகிறது.