கிணற்றுத் தண்ணீர் பற்றி என்ன கேட்பது? செயற்திட்டத்துக்கு வினாக்கொத்து தயாரிக்கும் முறை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் படிக்கிற பிள்ளைகளுக்கு வகுப்புச் செயற்திட்டத்துக்குத் தண்ணீர் நல்ல தலைப்பு. ஒரு வளவில் நல்ல தண்ணீர் இருக்கும், ஒழுங்கை தாண்டினால் சவராக இருக்கும். குடிக்க ஆர்.ஓ. தண்ணீர் வாங்கி, குளிக்கவும் தோய்க்கவும் கிணற்றைப் பாவிக்கிற வீடுகளும் உண்டு. இந்த வித்தியாசமெல்லாம் உங்கள் தாளில் பதிய வேண்டுமென்றால், கேள்விகளைக் கவனமாக எழுத வேண்டும்.

படி 1: முதலில் அட்டவணை

கேள்வி எழுத அவசரப்படாதீர்கள். அறிக்கையில் கடைசியாக வரப்போகிற அட்டவணையை வெறுமையாகக் கீறுங்கள். "குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து?", "கோடையில் கிணறு காணுமா?", "ருசி எப்படி?" என்று மூன்று தலைப்புப் போட்டால், அந்த மூன்றுக்கும் மட்டும் கேள்வி எழுதினால் போதும். எந்தத் தலைப்புக்குள்ளும் வராத கேள்வியை வெட்டிவிடுங்கள்.

படி 2: இரட்டைக் கேள்வியைப் பிரியுங்கள்

முதல் வரைவில் இப்படி ஒன்று வந்துவிடும்:

"உங்கள் கிணற்றுத் தண்ணீர் சுத்தமாகவும் போதுமானதாகவும் இருக்கிறதா? ஆம் / இல்லை"

வாசிக்கும்போது பிழை தெரியாது. இதோடு நான்கு வீட்டுக்குப் போவதாக நினையுங்கள். முதல் வீட்டில் தண்ணீர் சுத்தம், போதும். இரண்டாவதில் சுத்தம், ஆனால் கோடையில் வற்றிவிடும். மூன்றாவதில் தாராளமாக இருக்கிறது, ஆனால் சவர். நான்காவதில் இரண்டுமே இல்லை. முதல் வீடு மட்டும்தான் "ஆம்" சொல்லும். மற்ற மூன்றும் "இல்லை" என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விடும். கிணறு ஆழமாக்க வேண்டிய வீடு எது, குடிக்க வேறு தண்ணீர் தேவைப்படுகிற வீடு எது என்று பிறகு எவராலும் பிரித்தெடுக்க முடியாது. அந்தத் தகவல் கேள்வியிலேயே தொலைந்துவிட்டது.

ஆகவே இரண்டாக்குங்கள்:

"போன ஓகஸ்ட் மாதம் உங்கள் கிணற்றுத் தண்ணீர் வீட்டுத் தேவைக்குக் கண்டதா?"

"உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் பாவிக்கிறீர்களா?"

"சுத்தம்" என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன், கவனித்தீர்களா? ஒருவருக்குச் சுத்தம் என்றால் கலங்கல் இல்லாதது, இன்னொருவருக்குக் கேத்தலில் வெள்ளைப் படிவு பிடிக்காதது. பாவிக்கிறார்களா என்று கேட்டால் அந்தக் குழப்பம் இல்லை.

"உம்", "மற்றும்", "அல்லது" வருகிற இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். அப்புறம், இரண்டு பாதிக்கும் வெவ்வேறு விடை வர முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் பிரிக்க வேண்டும். இந்தச் சொற்கள் இல்லாமலும் இரட்டைக் கேள்வி ஒளிந்திருக்கும். "விலை கூட என்பதால் ஆர்.ஓ. தண்ணீர் வாங்குவதில்லையா?" என்பதில் வாங்குகிறார்களா என்பதும், ஏன் என்பதும் சேர்ந்தே கிடக்கின்றன. முதலில் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் மட்டும் காரணத்தைக் கேளுங்கள்.

படி 3: விடையைச் சொல்லிக்கொடுக்கும் சொற்களை எடுங்கள்

"சவர்த் தண்ணீர் உடம்புக்குக் கூடாதுதானே?" என்று ஒரு பள்ளிப்பிள்ளை கேட்டால், வீட்டு அம்மா "ஓம் பிள்ளை" என்றுதான் சொல்வார். அது அவருடைய கருத்து அல்ல, பிள்ளையின் மனதை நோகடிக்காத மரியாதை. "தானே", "இல்லையா", "டொக்டர்மார் சொல்வது போல", "எல்லோருக்கும் தெரியும்" எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கேள்வியைத் தலைகீழாக எழுதிப் பாருங்கள்: "உங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்லதுதானே?" இதற்கும் அதே அம்மா "ஓம்" சொல்லக்கூடும் என்றால், இரண்டையும் விட்டுவிடுங்கள். "உங்கள் கிணற்றுத் தண்ணீரின் ருசி எப்படி?" என்று கேட்டு, மிக நல்லம், நல்லம், நடுத்தரம், கூடாது, மிகவும் கூடாது என்று விடைகள் கொடுங்கள். நல்ல பக்கம் இரண்டு, கூடாத பக்கம் இரண்டு என்று சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மூன்றும் மறுபக்கம் ஒன்றும் என்றால் விடைத்தெரிவே வழிகாட்டிவிடும்.

கேள்விகளின் வரிசையும் அப்படித்தான். சிறுநீரக நோயைப் பற்றி முதலில் கேட்டுவிட்டு ருசியைக் கேட்டால், பயத்தோடுதான் விடை வரும். ருசியை முன்னுக்கு வையுங்கள்.

படி 4: சிலரிடம் கேட்டுப் பாருங்கள்

உங்கள் வகுப்பில் இல்லாத நாலைந்து பேரிடம் தாளில் இருப்பதை அப்படியே வாசியுங்கள். சொந்தச் சொல் சேர்க்க வேண்டாம். "தண்ணி காணும், ஆனா குடிக்க ஏலாது" என்று "ஆனா" போட்டு விடை வந்தால், அது இன்னும் இரட்டைக் கேள்விதான். "எந்தத் தண்ணியைக் கேக்கிறீங்கள், கிணறா வாங்கிறதா?" என்று திருப்பிக் கேட்டால், "உங்கள் வீட்டுத் தண்ணீர்" என்று எங்கேயோ பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் யோசிக்காமல் ஒரே விடை சொன்னால், வழிகாட்டும் சொல் ஏதும் மிச்சமிருக்கிறதா என்று தேடுங்கள்.

திருத்திய பிறகு இந்த நாலைந்து தாள்களையும் மற்றத் தாள்களோடு சேர்த்து எண்ணக்கூடாது. அவர்கள் விடை சொன்னது வேறு கேள்விகளுக்கு.