மேடைக் குறிப்புச் சீட்டு: உரை முழுவதையும் எழுதாமல் நினைவில் நிறுத்துவது எப்படி?

பேச்சை வரிக்கு வரி எழுதிக் கொண்டுபோனால் நேரும் சங்கடம் பலருக்கும் தெரிந்ததுதான். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்தால், விட்ட வரி கண்ணில் படாது. தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. கை "முட்டையிடுகின்றன" என்று எழுதும். வாய் "முட்டை போடுது" என்றுதான் பேசும். தாளைப் பார்க்கும்போதெல்லாம் நாக்கு எழுத்துத் தமிழுக்குத் தாவிவிட்டுத் திரும்புவதால், பேச்சு செய்தி வாசிப்பதுபோல ஆகிவிடுகிறது.

குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் டெங்குக் கொசுவைப் பற்றி 5 நிமிடம் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

1. முதலில் பேசுங்கள், பிறகு எழுதுங்கள்

கையில் எதுவும் இல்லாமல் இரண்டு முறை வாய்விட்டுப் பேசி, போனில் பதிவு செய்யுங்கள். கேட்டுப் பார்த்து, எங்கே தடுமாறினீர்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்த விஷயம் நடுவில் அவ்வளவாக மறக்காது. ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போகும் இடத்தில்தான் பெரும்பாலும் மறக்கும். ஆகவே சீட்டில் முதலில் ஏற வேண்டியவை அந்த இணைப்புகள்.

2. சீட்டு

ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் 3க்கு 5 அங்குல கெட்டி அட்டை போதும். 5 நிமிடத்துக்கு 3 அல்லது 4 அட்டை. ஓர் அட்டைக்கு ஒரே விஷயம், நாலைந்து வரி, ஒரு பக்கம் மட்டும். அட்டையை இடுப்பளவில் பிடித்தாலும் படிக்கும்படி எழுத்து பெரிதாக இருக்கட்டும். இடம் போதவில்லை என்று எழுத்தைச் சிறிதாக்கத் தோன்றினால், அங்கே உரை நுழைகிறது என்று பொருள், வரியைக் குறையுங்கள்.

3. குறிப்பின் வடிவம்

முதல் முறை எழுதுபவர்கள் வழக்கமாக இப்படி எழுதுவார்கள்: "கொசு – முட்டை – தண்ணீர்". எழுதும்போது எல்லாம் புரியும். மேடையில் பார்த்தால், முட்டையைப் பற்றி என்ன சொல்ல வந்தோம் என்பதே தெரியாது. வெறும் பெயர்ச்சொல் தலைப்பை நினைவூட்டும், சொல்ல வந்ததை நினைவூட்டாது. அதனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு வினைச்சொல்லோ கேள்வியோ இருக்க வேண்டும், அதுவும் உங்கள் வாயில் வரும் பேச்சுத் தமிழிலேயே. அதே விஷயத்துக்கான அட்டை இது:

> 2 (2-வது நிமிஷம்)
> முட்டை எங்க போடுது? – தொட்டிச் சுவர்ல, தண்ணிக்கு மேல
> காஞ்சாலும் சாகாது – பல மாசம்
> → "அப்ப தண்ணியக் கொட்டிட்டா போதுமா?"
> போதாது – தேய்க்கணும், வாரம் ஒரு தடவை

இதை வைத்துக்கொண்டு ஒன்றரை நிமிடம் பேசலாம். அம்பு போட்ட வரிதான் இணைப்பு. அது கேள்வியாக இருப்பதால் பதில் தானாக வாயில் வரும். ஏன் வாரம் ஒரு தடவை என்பது அட்டையில் இல்லை; முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பது பேசுபவருக்குத் தெரியும், தடுமாறவும் இல்லை. ஒருவேளை அங்கே தடுமாறியிருந்தால் "7–10 நாள்" என்று ஓரத்தில் சேர்த்தால் போதும்.

4. முழுதாக எழுத வேண்டியவை

முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் முழுதாக இருக்கட்டும். தொடக்கத்தில் படபடப்பு, முடிவில் எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் சொன்னதையே திரும்பச் சொல்லும் பழக்கம். எண்கள், ஆட்களின் பெயர்கள், மேற்கோள் இவற்றையும் அப்படியே எழுதுங்கள். சங்கத் தலைவரின் பெயரை நினைவை நம்பி விடுவது வீண் ஆபத்து.

5. மறுநாள் சோதனை

எழுதி முடித்த கையோடு பேசிப் பார்த்தால் எந்த அட்டையும் வேலை செய்வதுபோலத்தான் தோன்றும், ஏனென்றால் எல்லாம் நினைவில் சூடாக இருக்கும். ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் ஒரு வரியை இரண்டு விநாடி பார்த்து, தலையை நிமிர்த்திப் பேசுங்கள். வாய் திறக்கவில்லை என்றால் அந்த வரியில் வினைச்சொல் குறைகிறது. கண் அட்டையை விட்டு எழவில்லை என்றால் அது வாக்கியமாகிவிட்டது, பாதியை அடித்துவிடுங்கள். ஒருமுறைகூடப் பார்க்காமலே கடந்த வரியை எடுத்தே விடலாம்.

திருத்தியபின் வரிகளின் இடத்தை மாற்றி அழகாகப் படியெடுக்க வேண்டாம். எந்தக் குறிப்பு அட்டையில் எந்த மூலையில் இருக்கிறது என்பதையும் கண் பழகியிருக்கும். எண்ணிட்டு, மூலையில் துளையிட்டு, நூலில் கோத்துவிடுங்கள். கை நடுங்கி நழுவினாலும் வரிசை குலையாது.