48.60 என்றால் எத்தனை ரூபாய்?

ஓர் அறக்கட்டளை ஏரியைத் தூர்வாரி முடித்திருந்தது. அதன் ஆண்டறிக்கையை வெளிநாட்டு வாசகர்களுக்காக ஆங்கிலத்தில் ஆக்கித் தரும் வேலை எனக்கு வந்தது. செலவுப் பட்டியலின் தலைப்பில் ‘தொகை லட்சத்தில்’ என்றிருந்தது. லட்சம் என்ற சொல் வெளியூரில் புரியாதே என்று தலைப்பை மட்டும் மில்லியன் என்று மாற்றினேன். கீழே இருந்த எண்களில் கை வைக்கவில்லை.

அறிக்கை போன மறுவாரம், அமெரிக்காவில் குடியேறிவிட்ட ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரே ஒரு வரி: “நம் ஊர் ஏரிக்கு ஐந்தரை லட்சம் டாலருக்கு மேலா செலவழித்தீர்கள்?” மொத்தத் தொகை 48.60 என்று அச்சாகியிருந்தது. லட்சத்தில் அது 48 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். மில்லியனில் அதுவே 4 கோடியே 86 லட்சம். ஒரு சொல்லை மாற்றியதில் அறக்கட்டளையின் செலவைப் பத்து மடங்காக்கிவிட்டேன்.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு எளிதாக நேர்கிறது? நம் கணக்கில் ஆயிரத்துக்குப் பிறகு இரண்டு இரண்டு இலக்கமாக ஏறிப் புதிய பெயர் வைக்கிறோம். லட்சத்துக்கு ஐந்து சுழியம், கோடிக்கு ஏழு. அவர்கள் மூன்று மூன்றாக ஏறுகிறார்கள். மில்லியனுக்கு ஆறு, பில்லியனுக்கு ஒன்பது. ஆகவே மில்லியன் சரியாக லட்சத்துக்கும் கோடிக்கும் நடுவில் போய் உட்காருகிறது. லட்சத்தை மில்லியனாக்கப் பத்தால் வகுக்க வேண்டும். கோடியை மில்லியனாக்கப் பத்தால் பெருக்க வேண்டும். இரண்டிலும் மாற்றம் ஒரே ஓர் இலக்கம்தான், ஆனால் எதிரெதிர்த் திசையில். நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ பிசகினால் எவர் கண்ணிலும் பட்டுவிடும். பத்து மடங்குப் பிசகு மெய்ப்புப் பார்ப்பவரையும் தாண்டிப் போய்விடுகிறது.

அந்தப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். தூர்வாருதல் 32.40, கரை பலப்படுத்தல் 11.20, மதகு பழுதுபார்ப்பு 3.85, மரக்கன்றும் வேலியும் 1.15. கூட்டினால் 48.60 லட்சம். இதை முறையாக மில்லியனுக்கு மாற்றினால் 3.24, 1.12, 0.385, 0.115 என்று வரும், மொத்தம் 4.86. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போதும் என்று ஒவ்வொன்றையும் முழுமையாக்கினால் கடைசி இரண்டும் 0.39, 0.12 ஆகிவிடும். இப்போது கூட்டிப் பாருங்கள், 4.87 வருகிறது. கீழே மொத்தம் 4.86 என்றிருக்கும். நன்கொடை கொடுத்தவர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தால், இடையில் பத்தாயிரம் ரூபாய் எங்கே போனது என்றுதான் கேட்பார். திருத்திய பதிப்பில் நான் மில்லியனையே கைவிட்டேன். இந்த அளவுத் தொகைகளுக்கு முழு எண்ணே நல்லது: 3,240,000, 1,120,000, 385,000, 115,000. நீளமாகத்தான் இருக்கிறது, ஆனால் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. மில்லியன் என்ற சொல்லைக் கோடிகளில் போகும் தொகைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பட்டியலின் அலகைத் தலைப்பில் மட்டும் சொல்வதே ஆபத்து என்பது என் கருத்து. நிறுவனங்களின் நிதி அறிக்கைகளில் இதைத் தவிர்க்க முடியாது. இந்தியக் கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொகைகளை லட்சத்திலும் தரலாம், மில்லியனிலும் தரலாம் என்கிறது. வருமானம் 100 கோடியும் அதற்கு மேலும் என்றால் கோடியிலும் தரலாம். ஆகவே ஒரே தொழிலில் உள்ள இரண்டு நிறுவனங்களின் அறிக்கைகள் இரண்டு அலகுகளில் இருக்கக்கூடும். அங்கிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டி உங்கள் கட்டுரையில் ஒட்டும்போது தலைப்பு அங்கேயே தங்கிவிடுகிறது, எண் மட்டும் வந்து சேர்கிறது. வெட்டுவதற்கு முன்பே அலகை எண்ணோடு சேர்த்து எழுதிக்கொள்வதுதான் வழி.

பிழையைப் பிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல சோதனை, தொகையைக் கண்ணால் காணக்கூடிய ஒன்றால் வகுத்துப் பார்ப்பது. அந்த ஏரியில் 27,000 கன மீட்டர் மண் அள்ளியதாக அறிக்கையிலேயே இருந்தது. 32.40 லட்சத்தை அதால் வகுத்தால் கன மீட்டருக்கு 120 ரூபாய். மில்லியன் என்று போட்ட என் பதிப்பின்படி 1,200 ரூபாய். மண் அள்ளும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்த எவரும் முதல் எண்ணுக்குத் தலையாட்டுவார், இரண்டாவதைக் கேட்டால் சிரிப்பார். பள்ளிக்கூடம் என்றால் மாணவர் எண்ணிக்கையால் வகுக்கலாம், சாலை என்றால் கிலோமீட்டரால். மாற்றிய எண்ணை மீண்டும் மாற்றிச் சரிபார்ப்பதைவிட இது மேல். ஏனென்றால் தவறான சூத்திரத்தை இரண்டு முறை போட்டாலும் விடை ஒத்துத்தான் வரும்.

அடுத்தது காற்புள்ளி. 48,60,000 என்று நாம் எழுதுவதைப் பார்த்து வெளிநாட்டு வாசகர் ‘இது இந்தியக் கணக்கு’ என்று எண்ணுவதில்லை. ஏதோ ஓர் இலக்கம் விடுபட்டுவிட்டது என்றே எண்ணுகிறார். நடுவில் இரண்டு இலக்கம் மட்டும் நிற்பது அவருக்கு உடைந்த எண். பதிப்பாசிரியராக இருந்தால் அதைச் ‘சரிசெய்ய’ ஒரு சுழியத்தைச் சேர்த்து 48,600,000 ஆக்கிவிடவும் கூடும். ஆங்கில அறிக்கையில் 4,860,000 என்றே எழுதுங்கள். ஓர் அறிக்கைக்குள் இரண்டு முறையையும் கலக்காதீர்கள். கலப்பு பெரும்பாலும் எக்செல் கோப்பிலிருந்து வருகிறது. கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து அதே கோப்பு சென்னையில் ஒரு விதமாகவும் டொராண்டோவில் வேறு விதமாகவும் காற்புள்ளி இடும். எண் எண்ணாகவே இருக்கும்வரை கேடில்லை. அதை எழுத்தாக நகலெடுத்து ஒட்டியதும் அந்தந்தக் கணினியின் வழக்கம் அப்படியே உறைந்துவிடுகிறது. ஜெர்மன் வாசகருக்கோ காற்புள்ளிதான் தசமப் புள்ளி, நம் புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும் குறி; அங்கே 48.600 என்றால் நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு. ஆங்கிலத்திலேயே அனுப்புகிறோம் என்றால் ஆங்கில முறை போதும். அதை ஜெர்மனில் மொழிபெயர்ப்பவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கோடியைச் சுருக்கி Cr என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். கணக்குப் புத்தகம் பார்த்துப் பழகியவருக்கு அது வரவு வைத்ததன் குறி.

இனி நாணயக் குறிகள். ₹ என்ற குறியை இந்திய அரசு 2010 ஜூலையில் ஏற்றது; வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். யூனிகோடில் அதற்கு இடம் கிடைத்தது அந்த ஆண்டு அக்டோபரில்தான். இடைப்பட்ட நாளில் அவசரத்துக்குச் செய்த எழுத்துருக்கள் விசைப்பலகையின் ` என்ற விசையில் ரூபாய்க் குறியைப் பொருத்தின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ரூபாய் மறைந்து அந்தச் சாய்ந்த கொசுறுக் குறி மட்டும் நிற்கும். பழைய ஆண்டறிக்கைகளிலிருந்து நகலெடுத்தால் `48.60 என்று வருவது இதனால்தான். அதைத் தூசி என்று அழித்துவிட்டால் எந்த நாட்டுப் பணம் என்பதும் சேர்ந்தே அழிந்துபோகும். வெளிநாட்டுக்குப் போகும் எழுத்தில் INR என்ற மூன்றெழுத்துக் குறியீடே பாதுகாப்பு. அது எந்த எழுத்துருவிலும் சிதையாது.

ரூபாய் என்ற சொல்லும் நமக்கு மட்டும் உரியதல்ல. இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், மொரிஷியஸ் எல்லாவற்றிலும் ரூபாய்தான். ‘ரூ. 48.6 லட்சம்’ என்று தமிழில் எழுதினால் யாழ்ப்பாணத்து வாசகர் அதைத் தம் ரூபாயாகவே படிப்பார். ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உண்மைத் தொகை அவர் கணக்கில் ஒரு கோடியே 70 லட்சம். ‘இந்திய ரூபாய்’ என்று ஒரு முறை சொன்னால் தீர்ந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘வெள்ளி’ என்ற நல்ல தமிழ்ச் சொல் புழங்குகிறது. அங்கே அது டாலர் அல்லது ரிங்கிட். தஞ்சாவூரில் அது கொலுசு. ‘ஐந்நூறு வெள்ளி நன்கொடை’ என்று நன்றிக் குறிப்பு எழுதுமுன் இரு கரைக்காரர்களும் படிப்பார்கள் என்பதை நினைவில் வைத்து, சிங்கப்பூர் வெள்ளியா மலேசிய வெள்ளியா என்று சொல்லிவிடுங்கள்.

டாலர் குறியில்தான் பணமே மாறிவிடுகிறது. டாலருக்கு 85 ரூபாய் என்ற கணக்கில் நம் 48.6 லட்சம் ஏறத்தாழ 57,000 அமெரிக்க டாலர். இதை வெறும் $57,000 என்று எழுதினால் டொராண்டோ வாசகர் கனடா டாலராக எடுத்துக்கொள்வார். கனடா டாலருக்கு 61 ரூபாய் என்றால் அவர் மனத்தில் விழும் தொகை ஏறக்குறைய 34.8 லட்சம். கால் பங்குக்கும் மேல் காணாமல் போய்விட்டது, அதுவும் எவரும் எதையும் தவறாகக் கணக்கிடாமலே. US$, C$, S$, A$ என்று முன்னெழுத்து இல்லாத டாலர் குறியை நான் இப்போது எங்கேயும் விடுவதில்லை.

மாற்று மதிப்பைத் தரும்போது ரூபாய்தான் முதலில் வர வேண்டும். செலவானது ரூபாய்; டாலர் ஒரு விளக்கம் மட்டுமே. விளக்கத்துக்கு 57,176.47 என்ற துல்லியம் தேவையில்லை, அது நாளைக்கே மாறிவிடும். வீதத்தையும் அது எந்த நாளுடையது என்பதையும் ஒரு முறை சொல்லிவிட்டு, அறிக்கை முழுவதும் அந்த ஒரே வீதத்தைப் பின்பற்ற வேண்டும். ஆனால் பழைய தொகைகளுக்கு இது பொருந்தாது. 1960இல் ஊர்ப் பள்ளிக்கு 50,000 ரூபாய் திரட்டியதாக வரலாற்றுப் பக்கத்தில் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். அப்போது டாலருக்கு 4.76 ரூபாய், 1966 ஜூனில் மதிப்புக் குறைத்தபோதுதான் அது 7.50 ஆனது. அன்றைய வீதத்தில் அது சுமார் 10,500 டாலர். மேலே வைத்துக்கொண்ட 85ஆல் வகுத்தால் 590 டாலர்கூட வராது. ஓர் ஊரே சேர்ந்து கொடுத்த பணம், படிப்பவர் கண்ணுக்கு ஒரு விமான டிக்கெட் விலையாகத் தெரியும்.

திருத்திய அறிக்கையில் மொத்தச் செலவின் வரி கடைசியில் இப்படி வந்தது: `INR 4,860,000 (US$57,000)`. வீதமும் தேதியும் பட்டியலுக்கு அடியில், டாலர் தொகை தோராயமானது என்ற குறிப்போடு. தமிழ்ப் பதிப்பில் ‘48 லட்சத்து 60 ஆயிரம் இந்திய ரூபாய்’ என்பதை மாற்றவே இல்லை. இலங்கை வாசகருக்காக முதல் இடத்தில் மட்டும் ‘அதாவது 4.86 மில்லியன்’ என்று சேர்த்தேன், அங்கே நாளிதழ்களிலேயே மில்லியன் வழக்கில் இருப்பதால். மின்னஞ்சல் அனுப்பியவருக்குப் புதிய பிரதி போயிற்று. அவர் மண் கணக்கையும் வகுத்துப் பார்த்திருக்கிறார். கன மீட்டருக்கு 120 ரூபாய் என்பது லாரி வாடகையும் சேர்ந்தா என்று பதில் கேட்டிருந்தார்.