தீன்தால் கேட்கப் பழகுவது: எண்ணுவதற்கு முன் ‘கூம்’ ஒலியைப் பிடியுங்கள்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் உறுமி மேளத்தையும் கோயில் பஜனையையும் கேட்டு வளர்ந்த காதுக்கு, இந்துஸ்தானி இசையின் பதினாறு அடித் தாளமான தீன்தால் கடினமில்லை. பதினாறு வரை விரல் விட்டு எண்ணத் தொடங்குவதில்தான் சிக்கல். பாட்டு சற்று வேகமெடுத்தால் எண்ணிக்கை நழுவிவிடும், திரும்பப் பிடிக்க வழி தெரியாது. ஆகவே முதலில் ஒலி, பிறகு எண்.

தபேலாவில் வலது கைச் சிறிய முகம் கணீரென்று ஒலிக்கும். இடது கைப் பெரிய முகம் அடித்தொண்டையில் ‘கூம்’ என்னும். உறுமியில் வளைந்த குச்சி தோலைத் தேய்க்கும்போது எழும் உறுமல் ஞாபகமிருக்கிறதா? இங்கே மணிக்கட்டை அழுத்தி நகர்த்தி அதுபோல ஒரு இழுப்பைக் கொண்டுவருவார்கள். காதை அந்த இடது முகத்தின் மேலேயே வையுங்கள்.

தாளத்தை அடையாளம் காட்டும் அடிப்படைச் சொற்கட்டுக்குத் தேக்கா என்று பெயர். தமிழ் எழுத்தில் கனத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் வேறுபாடு தெரியாது என்பதால், இடது முகமும் சேர்ந்து ஒலிப்பதைத் தா, தின் என்றும், வலது முகம் மட்டும் ஒலிப்பதை நா, டின் என்றும் எழுதுகிறோம்.

தா தின் தின் தா
தா தின் தின் தா
தா டின் டின் நா
நா தின் தின் தா

ஒரு வரிக்கு நான்கு அடி. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே 1, 5, 13 ஆகிய அடிகளில் கை தட்டுங்கள், 9-இல் உள்ளங்கையை மேலே திருப்பி வீசுங்கள். தட்டு மூன்று. ‘தீன்’ என்றால் மூன்று; பெயர் அதிலிருந்து வந்தது. முதல் தட்டு விழும் இடம் சம். பாடுபவரும் வாசிப்பவரும் வந்து சேரும் இடம் அது. வீச்சு விழும் இடம் காலி.

ஆதி தாளம் போடத் தெரிந்தவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதில் வீச்சு கையோடு சரி, மிருதங்கக்காரர் அந்த அடிக்கென்று ஒலியை மாற்றியாக வேண்டும் என்றில்லை. தீன்தாலில் காலி காதிலும் கேட்கும், ஆனால் கை சொல்லும் அதே இடத்தில் அல்ல! தேக்காவை மறுபடி பாருங்கள். 9-ஆம் அடி இன்னும் கனத்த தாதான். இடது முகம் அடங்குவது 10-இல். 10, 11, 12, 13 என நான்கு அடிகள் வெறும் கணீர் ஒலி, 14-இல் கூம் திரும்பிவிடும். சிலர் 9-ஐயும் நா என்றே வாசிப்பார்கள், அப்போது வெறுமை ஐந்து அடி நீளும். எப்படி வாசித்தாலும் திரும்பும் இடம் 14.

வழி தவறினால் செய்ய வேண்டியதும் இதுதான். எண்ணுவதை நிறுத்துங்கள். கூம் மறையும் வரை காத்திருங்கள். அது திரும்பும் அடியைப் பதினாலு என்று சொல்லி, பதினைந்து, பதினாறு, அடுத்தது சம்.

ஓர் எடுத்துக்காட்டு. சித்தாரில் மசீத்கானி கத் என்ற மெதுவான அமைப்பு 12-ஆம் அடியில் தொடங்கும். புதிதாகக் கேட்பவர் மெட்டு தொடங்கும் இடமே ஒன்று என்று எண்ணிவிடுவார். அவர் கணக்கில் இடது முகம் 15, 16, 1, 2 ஆகிய அடிகளில் அடங்கிக் கிடக்கும். உங்கள் ‘ஒன்று’ வெறுமையின் நடுவில் விழுந்தால் கணக்கு தவறு என்று அர்த்தம். கூம் திரும்புவது உங்கள் மூன்றில். அதைப் பதினாலாக மாற்றி எண்ணினால் உண்மையான சம் உங்கள் ஆறில் வந்து நிற்கும். சித்தார் அந்த ஐந்து அடிகளை ஓட்டமாக எடுத்து வந்து ஆறாவதில் அழுத்துவதும் அப்போது புரியும்.

பழகுவதற்கு நிமிடத்துக்கு 60 அடி வேகம் போதும், ஒரு சுற்றுக்குப் பதினாறு விநாடி. 120-க்குப் போனால் எட்டு விநாடியில் சுற்று முடிந்துவிடும்; அப்போது அடி அடியாக எண்ணாமல் தட்டு, தட்டு, வீச்சு, தட்டு என்று வரியாகப் பிடியுங்கள்.

கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். அவ்வளவு சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலியை விழுங்கிவிடும். தின்னும் டின்னும் ஒன்றாகவே கேட்கும். காதொலிப்பான் வேண்டும். வெள்ளிக்கிழமை பஜனைத் தபேலாவில் இதைத் தேடினாலும் ஏமாற்றம்தான், அங்கே பெரும்பாலும் எட்டு அடிக் கெஹர்வா போகும். தனித் தபேலா வாசிப்பும் ஆரம்பத்தில் வேண்டாம். அதில் வாசிப்பவர் தேக்காவை விட்டு விலகிப் போய்விடுவார், சுற்றைக் காப்பது கூடவே திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஆர்மோனிய மெட்டு மட்டுமே.