ஒரு ஷாஃப்ட் டிராயிங்கைப் படிப்பது எப்படி: வியூ, அளவு, டாலரன்ஸ் குறியீடுகள்

புதிதாக டிராயிங் படிப்பவர்கள் குறியீடுகளின் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, நிஜ டிராயிங் கைக்கு வந்ததும் திணறுவார்கள். அதனால் இங்கே பட்டியல் இல்லை. ஒரே ஒரு ஷாஃப்ட்டை எடுத்துக்கொண்டு, அதன் டிராயிங்கை முதல் கோட்டிலிருந்து கடைசிக் கட்டம் வரை படிக்கப்போகிறோம். இரண்டு 6205 பேரிங் மேல் சுற்றும், இடது முனையில் ஒரு புல்லி மாட்டும், நான்கு படிகள் உள்ள சாதாரண ஷாஃப்ட் அது. இடமிருந்து வலமாக டிராயிங்கில் எழுதியிருப்பது இது:

```
Ø20 h6 | Ø25 k6 |   Ø32    | Ø25 k6
 (35)  |   15   | 55 ±0.05 |   15
------------- 120 -----------------
```

இடது Ø20 படியில், முனை வரை திறந்த ஒரு கீவே உண்டு: அகலம் 6 N9, நீளம் 25. டைட்டில் பிளாக்கில் `ISO 2768-m` என்று எழுதியிருக்கிறது. ஒரு தாளில் இதை வரைந்துகொண்டு தொடர்ந்தால் எளிதாகப் புரியும்.

படி 1: முதலில் டைட்டில் பிளாக்

படத்தைப் பார்ப்பதற்கு முன் வலது கீழ் மூலையைப் பாருங்கள். மெட்டீரியல், ஸ்கேல், ரிவிஷன் எண் எல்லாம் அங்கே இருக்கும். பழைய ரிவிஷனை வைத்து ஜாப் போட்டால், எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் அது ஸ்கிராப்தான். ஸ்கேல் என்ன இருந்தாலும் தாளின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. பிரிண்ட் எடுக்கும்போது படம் சுருங்கும், விரியும். எழுதியிருக்கும் எண்தான் அளவு.

அடுத்து, ஒரு பக்கம் குறுகிய கூம்பும் அதன் அருகே இரண்டு வட்டங்களும் உள்ள சின்னத்தைத் தேடுங்கள். கூம்பின் அகன்ற பக்கம் வட்டங்களை நோக்கி இருந்தால் அது ஃபர்ஸ்ட் ஆங்கிள். குறுகிய பக்கம் வட்டங்களை நோக்கி இருந்தால் தேர்ட் ஆங்கிள். இந்தியாவில் கல்லூரியிலும் பெரும்பாலான தொழிற்சாலைகளிலும் ஃபர்ஸ்ட் ஆங்கிள்தான். அமெரிக்க, ஜப்பானிய டிராயிங்குகள் தேர்ட் ஆங்கிளில் வரும்.

படி 2: எந்தப் பக்கத்திலிருந்து பார்த்த வியூ?

நம் டிராயிங் ஃபர்ஸ்ட் ஆங்கிள். ஃபர்ஸ்ட் ஆங்கிளில் இடதுபுறமிருந்து பார்த்த வியூவை ஃப்ரன்ட் வியூவுக்கு வலதுபுறம் வரைவார்கள். ஆகவே கீவே இருப்பது ஷாஃப்ட்டின் இடது முனையில், அதைக் காட்டும் வட்ட வியூ இருப்பதோ தாளின் வலது பக்கத்தில். பலர் குழம்புவது இங்கேதான்.

சரியாகப் புரிந்ததா என்று சின்னத்தைப் பார்க்காமலே சோதிக்கலாம். அந்த வட்ட வியூவில் Ø20 வட்டம் முழுக்கோட்டில் இருக்கிறது. அதில் கீவேயின் வெட்டும் தெரிகிறது. வலது முனையிலிருந்து பார்த்திருந்தால் Ø25, Ø32 இரண்டும்தான் முழுக்கோட்டில் தெரியும். Ø20 பின்னால் மறைந்து விட்டுவிட்டு வரும் கோடாகத்தான் இருக்கும். ஆக இது இடது முனையின் வியூதான்.

ஷாஃப்ட் உருண்டையானது என்பதால் இதில் தவறினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் துளை உள்ள பிராக்கெட் என்றால் முடியாது. ஆங்கிளை மாற்றிப் படித்தால் கண்ணாடியில் தெரிவது போன்ற எதிர்ப் பிம்பம்தான் கையில் வரும். எல்லா அளவும் சரியாக இருக்கும், அசெம்பிளியில் மட்டும் உட்காராது.

படி 3: நீள அளவுகள், குறிப்பாக எந்த அளவுக்கு அடைப்புக்குறி?

டாலரன்ஸ் எதுவும் எழுதாத அளவு எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. `ISO 2768-m` என்ற குறிப்பு அதற்குத்தான். அதன்படி 6-க்கு மேல் 30 மி.மீ. வரை ±0.2, 30-க்கு மேல் 120 வரை ±0.3. நம் ஷாஃப்ட்டில் 15 என்பது ±0.2, மொத்த நீளம் 120 என்பது ±0.3, Ø32 கூட ±0.3.

இப்போது (35) என்பதைப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அளவு தகவலுக்காக மட்டும். அதற்கு டாலரன்ஸ் கிடையாது, அதை வைத்து ஜாப்பைப் பாஸோ ரிஜெக்டோ செய்ய முடியாது. மற்ற அளவுகளைச் சரியாக எடுத்தபின் மிச்சம் வருவதுதான் 35. புல்லி பக்கம் அரை மில்லி கூடினாலும் குறைந்தாலும் பாதிப்பில்லை என்று டிசைனர் முடிவு செய்திருக்கிறார். இரண்டு பேரிங்கும் சாயும் தோள்களுக்கு நடுவே உள்ள தூரத்தை மட்டும் 55 ±0.05 என்று இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

இதைக் கவனிக்காமல் இடது முனையிலிருந்து 35 + 15 = 50 என்று அளந்து ஒரு தோளையும், வலது முனையிலிருந்து 15 அளந்து இன்னொரு தோளையும் வெட்டினால் என்ன ஆகும்? மொத்த நீளம் 119.8 வந்திருக்கிறது என்று வையுங்கள். அது ±0.3-க்குள் இருப்பதால் பாஸ். ஆனால் நடுத்தூரம் 119.8 − 50 − 15 = 54.8. தேவை குறைந்தது 54.95. தனித்தனியாக எடுத்த மூன்று அளவுகளும் சரி, ஜாப் ரிஜெக்ட்.

சரியான வரிசை: வலது முனையிலிருந்து 15-ல் ஒரு தோள். அந்தத் தோளிலிருந்து 55 அளந்து அடுத்த தோள். அதிலிருந்து 15 விட்டு Ø20 படி. டிராயிங்கில் அளவுக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்தே நீங்களும் அளக்க வேண்டும்.

படி 4: k6, h6, N9

எழுத்து, டாலரன்ஸ் பட்டை எங்கே நிற்கிறது என்று சொல்லும். எண், அந்தப் பட்டை எவ்வளவு அகலம் என்று சொல்லும். சிறிய எழுத்து என்றால் ஷாஃப்ட் போன்ற வெளிப்புற அளவு. பெரிய எழுத்து என்றால் துளை, காடி போன்ற உட்புற அளவு. கீவேயின் அகலம் உட்புற அளவு என்பதால்தான் அதற்கு N9 என்று பெரிய எழுத்து வந்திருக்கிறது.

ISO 286 அட்டவணையில் பார்த்தால் Ø25 k6 என்பது +0.015, +0.002. அதாவது 25.002 முதல் 25.015 வரை. Ø20 h6 என்பது 0, −0.013: 19.987 முதல் 20.000 வரை. 6 N9 என்பது 0, −0.030: 5.970 முதல் 6.000 வரை.

பேரிங்குக்கு ஏன் k6? சாதாரணத் தரத்தில் 6205-ன் உள்துளை 24.990-க்கும் 25.000-க்கும் நடுவே இருக்கும். ஷாஃப்ட் எப்போதும் குறைந்தது 0.002, அதிகபட்சம் 0.025 பெரிதாக இருக்கும். அதனால் உள் வளையம் இறுகி உட்காரும். அட்டவணையில் தவறுதலாகப் பெரிய எழுத்து K6 பத்தியைப் பார்த்தால் +0.002, −0.011 என்று வரும். ஷாஃப்ட் 24.989 வரை இறங்கலாம். அப்போது பேரிங் கையாலேயே சுலபமாக ஏறிவிடும். ஓடத் தொடங்கிய சில நாட்களில் உள் வளையம் ஷாஃப்ட் மேல் நழுவித் தேய்ந்து, அந்த இடம் பளபளப்பாகவோ செம்பழுப்பாகவோ மாறியிருக்கும். கழற்றிப் பார்க்கும்போது இந்த அடையாளம் தெரிந்தால், முதலில் ஷாஃப்ட் அளவைச் சந்தேகப்படுங்கள்.

இந்த 0.013 அகலப் பட்டையை 0.02 லீஸ்ட் கவுன்ட் வெர்னியரால் அளக்கவே முடியாது. மைக்ரோமீட்டர் வேண்டும், அதிலும் 0.001 வரை காட்டுவது நல்லது. சூடும் ஒரு விஷயம். டிராயிங் அளவுகள் எல்லாம் 20 டிகிரிக்கானவை. லேத்திலிருந்து இறக்கிய உடனே ஜாப் 50 டிகிரியில் இருந்தால், 25 மி.மீ. ஸ்டீல் ஏறத்தாழ 0.009 பெரிதாகக் காட்டும். 25.010 என்று பார்த்துத் திருப்தியாக வைத்த ஷாஃப்ட் ஆறியதும் 25.001 ஆகிவிடும், அது கீழ் எல்லைக்கும் கீழே.

கீவே ஆழத்துக்கு வட்ட வியூவில் 16.5 (0, −0.1) என்று இருக்கும். இது காடியின் ஆழம் இல்லை. காடியின் அடியிலிருந்து எதிர்ப்பக்க வெளிப்பரப்பு வரை உள்ள தூரம். ஆழம் 3.5தான். மைக்ரோமீட்டரில் நேராக அளக்க முடியும் என்பதால் இப்படிக் கொடுக்கிறார்கள்.

படி 5: கட்டத்துக்குள் இருக்கும் குறியீடு

Ø20 படியைச் சுட்டும் அம்புடன் மூன்று அறைகள் கொண்ட ஒரு கட்டம் இருக்கிறது. முதல் அறையில் சாய்ந்த ஒற்றை அம்பு, இரண்டாவதில் 0.02, மூன்றாவதில் A-B. இடமிருந்து வலமாக இப்படிப் படிக்க வேண்டும்: ரன்-அவுட், அதிகபட்சம் 0.02 மி.மீ., A-யும் B-யும் சேர்ந்து தரும் அச்சை ஆதாரமாக வைத்து.

A, B எங்கே? இரண்டு Ø25 படிகளிலும், சதுரத்துக்குள் எழுத்தும் கறுப்பு முக்கோணமும் இருக்கும். அந்த முக்கோணம் Ø25-ன் அளவுக்கோட்டுக்கு நேராகவே அமைந்திருக்கிறதா, விலகி நிற்கிறதா என்று உற்றுப் பாருங்கள். நேராக இருந்தால் ஆதாரம் அந்தப் படியின் மைய அச்சு. தெளிவாக விலகி இருந்தால் ஆதாரம் அந்தப் பரப்பு. தாளில் சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான், ஆனால் அளக்கும் முறையே மாறிவிடும். இங்கே நேராக இருக்கிறது, ஆகவே அச்சு.

சோதிக்க, இரண்டு Ø25 படிகளையும் இரண்டு வி-பிளாக் மேல் வையுங்கள். ஷாஃப்ட் நீளவாக்கில் நகராமல் ஒரு முனையில் தடுப்பு கொடுங்கள். டயல் கேஜ் முனையை Ø20 மேல் செங்குத்தாக வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் காட்டும் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள மொத்த வித்தியாசம் 0.02-க்குள் இருக்க வேண்டும். இதைப் பாதியாக வகுக்கக் கூடாது. அச்சு 0.01 விலகினாலே டயலில் 0.02 வந்துவிடும். பிறகு கேஜை வேறு இரண்டு மூன்று இடங்களுக்கு நகர்த்தி, கீவே மேல் முனை ஓடாதபடி பார்த்துக்கொண்டு திரும்பச் சோதியுங்கள். ஒவ்வொரு இடமும் தனித்தனிக் கணக்கு. கட்டத்தில் இரட்டை அம்பு இருந்திருந்தால் அது டோட்டல் ரன்-அவுட். கேஜை நீளம் முழுக்க நகர்த்தி எல்லாவற்றையும் ஒரே கணக்காக எடுக்க வேண்டியிருக்கும்.

சென்டர்களுக்கு நடுவே மாட்டிச் சோதிப்பது வசதிதான், ஆனால் டிராயிங் கேட்பது சென்டர் துளைகளின் அச்சை அல்ல, பேரிங் படிகளின் அச்சை. சென்டர் துளையில் ஒரு சில்லு ஒட்டியிருந்தாலும் ரீடிங் பொய்யாகும்.

Ø20-ஐ மைக்ரோமீட்டரில் எங்கே அளந்தாலும் 19.995 வருகிறது, ரன்-அவுட் மட்டும் 0.06 காட்டுகிறது என்றால் முரண்பாடு ஒன்றும் இல்லை. விட்டம் சரி, இடம் தவறு. ஒரு சுற்றில் முள் ஒரே ஒரு முறை ஏறி இறங்கினால் அச்சு விலகியிருக்கிறது. பெரும்பாலும் Ø25-ஐ முடித்தபின் ஜாப்பைத் திருப்பி த்ரீ-ஜா சக்கில் பிடித்து Ø20-ஐக் கடைந்திருப்பார்கள். இரண்டு முறை ஏறி இறங்கினால் முதலில் ஓவலைச் சந்தேகியுங்கள். அச்சு விலகலைத் தவிர்க்க, மூன்று படிகளின் ஃபினிஷிங்கையும் சென்டர்களுக்கு நடுவே, அதே சென்டர் துளைகளை வைத்தே முடிக்க வேண்டும்.